417-ல் முடிகிற நம்பர்

மாரிச்செல்வி செட்டியார்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிர் வரிசையில் கடை வைத்து நான்காவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு இடம். செல்போன் ரீசார்ஜ், டிவி ரீசார்ஜ், ஜெராக்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு பேனா. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் சேர்ந்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. இனித் தறிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளிர் குழுவில் கடன் எடுத்து, பழைய ஜெராக்ஸ் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, முப்பத்து நாலு வயதில் கடைக்காரி ஆனாள்.

தறிக்கூடத்தில் அவள் வாய் திறக்காதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். கடைக்கு வந்தபிறகும் அதிகம் பேசமாட்டாள். ரீசார்ஜ் போட்டதும், பணம் ஏறியதற்கான மெசேஜை ஆளிடம் காட்டுவாள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுவாள். அவ்வளவுதான் அவளுடைய வியாபாரப் பேச்சு.

ஆடி மாதம் ஒரு காலை, கடைக்கு எதிரே பஸ்ஸுக்காகப் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தபோது இருளப்பசாமி வந்தார். போலீஸில் முப்பது வருஷம் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஏட்டையா என்றுதான் சொல்வார்கள். வத்திராயிருப்புப் பக்கம் கடைசியாக வேலை பார்த்துவிட்டு வந்து, இரண்டு ஏக்கர் தென்னையோடு இருக்கிறவர். காலையில் வயல், மாலையில் டிவியில் செய்தி. இந்த இரண்டும் தவறினால் அவருக்கு ஆகாது.

அவர் நேரே வந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். மூன்று மாதமாக அவர் ரீசார்ஜ் செய்த தேதியும் டிவி நின்றுபோன தேதியும் அதில் இருந்தன. மூன்று தடவையும் இருநூற்றைம்பது ரூபாய் போட்டிருக்கிறார். முன்பெல்லாம் அது முழுசாக முப்பது நாள் வரும். இப்போது இருபத்திரண்டாம் நாள் திரை கறுத்துப் போகிறது.

“எங்கிட்ட இருநூத்தம்பது வாங்கிட்டு நீ எம்புட்டுக்குப் போட்ட?” என்றார்.

மாரிச்செல்வி தன் போனில் பழைய மெசேஜ்களைத் தேடி எடுத்து, மூன்று மாதமும் இருநூற்றைம்பதே ஏறியிருப்பதைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. போனில் யார் எதை வேண்டுமானாலும் அடித்து வைக்கலாம் என்றார். இந்த மாதிரி ஆட்களை ஸ்டேஷனில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஐம்பது நூறு என்று ஆரம்பித்துத்தான் பெரிசாக வருவார்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் சொன்னதால்தான் நின்றிருந்த எல்லோருக்கும் கேட்டது.

அந்த வாரமே கூட்டம் குறைந்தது. ஏட்டையா சொன்னால் சும்மா சொல்லமாட்டார் என்று ஊரில் ஒரு நினைப்பு. இரண்டு மூன்று பெண்கள் தங்கள் வீட்டு டிவியும் இப்படித்தான் சீக்கிரம் நிற்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். ரீசார்ஜுக்கு வருகிறவர்கள் ராஜபாளையம் போகும்போது அங்கேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெராக்ஸுக்கு வந்தவர்கள்கூட எத்தனை தாள் என்று எண்ணி வாங்கினார்கள். அதுதான் அவளை அதிகம் சுட்டது.

அவள் கணவன் மொக்கைச்சாமி நூற்பாலைக்கு லோடு வேன் ஓட்டுகிறவன். டிவி ரீசார்ஜை மட்டும் விட்டுவிடச் சொன்னான். அதில் என்ன கிடைக்கிறது, நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய், இதற்காகக் கெட்ட பேர் எதற்கு என்றான்.

“இப்ப விட்டா நான்தான் எடுத்தேன்னு ஆயிரும்,” என்றாள் மாரிச்செல்வி. “எங்க போகுதுன்னு பார்க்காம விடமாட்டேன்.”

மறுநாள் மதியம், ஏட்டையா வயலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி அய்யம்மாள் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே கூப்பிட்டு ஃபேனைப் போட்டுவிட்டாள். மாரிச்செல்வி ரிமோட்டை வாங்கி, டிவி பாக்ஸின் மெனுவுக்குள் போய், அந்த இணைப்புக்கு என்னென்ன சேனல் பேக் ஓடுகிறது என்று பார்த்தாள். ஏட்டையா வைத்திருந்தது ஒரே ஒரு தமிழ் பேக், வரியோடு சேர்த்து மாதம் இருநூற்று நாற்பத்தாறு ரூபாய். அதற்குக் கீழே பாக்ஸ் வாடகை முப்பத்தைந்து ரூபாய் என்று ஒரு வரியும், இன்னொரு பேக்கும் இருந்தன. தெலுங்கு சினிமாவும் விளையாட்டும் சேர்ந்த பேக்.

இதை யார் கேட்டது என்றாள்.

அய்யம்மாளுக்குத் தெரியவில்லை. டிவியைப் போட்டால் ஏட்டையா பார்க்கிற செய்திச் சேனலும் தான் பார்க்கிற இரண்டு தொடரும்தான் என்றாள். “எங்க வீட்ல யாருக்கு தாயி தெலுங்கு தெரியும்? ராஜபாளையத்துல யாராச்சும் தெலுங்குல பேசினா நின்னு கேப்போம், அம்புட்டுத்தான்.”

அங்கிருந்தே, ஏட்டையா வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த பழைய பட்டன் போனிலிருந்து டிவி கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போட்டாள். இந்த எண் எந்த இணைப்பிலும் பதிவாகவில்லை என்று பதிவுக்குரல் சொன்னது. பாக்ஸ் எண்ணை அழுத்தி, காத்திருந்து, கடைசியில் ஒரு பெண் பேசினாள். கணக்கு விவரத்தைப் பதிவான நம்பரிலிருந்து கூப்பிட்டால் மட்டுமே சொல்ல முடியும் என்றாள். எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று மாரிச்செல்வி கேட்டாள். முழுதாகச் சொல்ல அனுமதி இல்லை, 417-ல் முடிகிறது என்றாள் அந்தப் பெண்.

மாரிச்செல்விக்கு அந்த மூன்று இலக்கமும் தெரிந்தவை. கடைக்கு ரீசார்ஜ் பணம் ஏற்றித் தருகிற ஏஜென்சியின் பில்லில், மேலே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிற இரண்டு நம்பரில் இரண்டாவது அது.

ஏஜென்சி ராஜபாளையத்தில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் இருந்தது. நடத்துகிறவன் சிவபாண்டி. சுற்று வட்டாரத்தில் இந்தக் கம்பெனியின் டிஷ் குடை மாட்டுவது, பாக்ஸ் கொடுப்பது, கடைகளுக்குப் பணம் ஏற்றுவது எல்லாம் அவன்தான். மாரிச்செல்வி படியேறிப் போனபோது அவன் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். வாசலை ஒட்டிய மேஜையில் பிரிஸ்கில்லா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஐந்தாறு பழைய போன்கள். ஒவ்வொன்றாக ‘கிர்ர்’ என்று அதிரும். அவள் அதில் வந்த எண்ணைப் பார்த்து, கம்ப்யூட்டரில் அடித்து, அடுத்த போனை எடுப்பாள். தறியில் ஊடை நூல் மாற்றுகிற மாதிரி கை ஓடிக்கொண்டிருந்தது. மாரிச்செல்வி செத்த நேரம் நின்று பார்த்தாள். வந்துகொண்டிருந்தவை எல்லாம் ஓடிபி. பேக் சேர்க்க வாடிக்கையாளர் சம்மதம் தருகிறார் என்பதற்காகக் கம்பெனி அவருடைய போனுக்கு அனுப்புகிற எண். அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

சிவபாண்டி அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் மழுப்பவில்லை. கம்பெனி மாதா மாதம் இத்தனை பேக் சேர்க்க வேண்டும் என்று டார்கெட் போடுகிறது, சேர்க்காவிட்டால் கமிஷனைக் குறைக்கிறது, ஊரில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் என்றான். பழைய இணைப்புகளில் பாதிக்கு மேல் மாட்டப் போன பையன்கள் ஆபீஸ் நம்பரையே எழுதி வைத்துவிட்டார்கள், அது வசதியாகப் போயிற்று என்று சிரித்தான். பாக்ஸ் வாடகை என்று முப்பத்தைந்து ரூபாய் போவது பற்றிக் கேட்டாள். கேட்காமல் சேர்ந்த பேக்கோடு அதுவும் சேர்ந்தே வருகிற திட்டம் அது என்றான்.

“ஒங்களுக்கும் பேக்குக்குப் பத்து ரூபா தாரேன் மாரியக்கா,” என்றான். “ஒங்க கடைக்கு வார ஆளுக நம்பரு ஒங்ககிட்டயும் இருக்குமுல்ல?”

“ஏட்டையா வீட்டு நம்பரை மாத்திக் குடுங்க.”

“அவரு ஆதாரோட வரட்டும்.”

“எல்லார் நம்பரும் மாத்தணும்.”

சிவபாண்டி சிரிப்பை நிறுத்தினான். கடை நடத்த வேண்டும் என்றால் கடையை மட்டும் பார்க்கச் சொன்னான். அவளுடைய கடைக்குப் பணம் ஏற்றுவது அவன் விரல் நுனியில் இருக்கிறது என்பதையும் சொன்னான். அவள் எழுந்து வந்துவிட்டாள். படியிறங்கும்போது பிரிஸ்கில்லா தலை நிமிரவில்லை.

மாலையில் ஏட்டையா வீட்டுக்கு மறுபடி போனாள். அவர் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உன் வார்த்தைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். இணைப்பு மாட்டியபோது தந்த சீட்டு இருக்கிறதா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

இருந்தது. ஏட்டையா தன் பணிக்காலத்துக் காகிதங்களைப் போலவே வீட்டுக் காகிதங்களையும் பைலில் போட்டு வைக்கிறவர். 2016-ல் தந்த சீட்டு. பாக்ஸ் விலைக்கா வாடகைக்கா என்ற இடத்தில் ‘விலைக்கு’ என்பதில் டிக் போட்டு, முழுப் பணமும் பெற்றதாகக் கையெழுத்து. சொந்தமாக வாங்கிய பாக்ஸுக்குத்தான் இத்தனை மாதமும் வாடகை போயிருக்கிறது. கீழே செல் நம்பர் என்ற இடத்தில், மாட்ட வந்தவன் கையெழுத்தில் ஒரு நம்பர். 417-ல் முடிந்தது. அன்று ஏட்டையா டூட்டியில் இருந்தார். அய்யம்மாளிடம் நம்பர் கேட்டிருக்கிறான், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவனே எதையோ எழுதிக்கொண்டு போனான்.

ஏட்டையா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காலைல ஆதாரோட கடைக்கு வாரேன்,” என்று மட்டும் சொன்னார்.

நம்பர் மாற இரண்டு நாள் பிடித்தது. பாக்ஸ் எண், ஆதார், ஏட்டையாவின் போட்டோ எல்லாம் கம்பெனிக்கு அனுப்பி, அவருடைய போனுக்கு வந்த ஓடிபியை முதன்முறையாக அவரே படித்துச் சொன்னார். பிறகு கம்பெனியின் இணையப் பக்கத்தில் அவர் பெயரில் உள்ளே போய், மாதாந்தரக் கணக்கை எடுத்து அச்சடித்தாள் மாரிச்செல்வி. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்குத் தெலுங்கு பேக் சேர்ந்திருந்தது, மாதம் அறுபத்திரண்டு ரூபாய். சேர்த்தது ஏஜென்சி. சம்மதம், ஓடிபி மூலம். அதே நிமிஷத்தில் பாக்ஸ் வாடகை முப்பத்தைந்து. எல்லாமாகச் சேர்ந்து முந்நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் ஆகிவிட்ட இணைப்பில், தினமும் கழிகிற தொகை கூடிவிட்டது. இருநூற்றைம்பது ரூபாய் இருபத்திரண்டு நாளில் தீர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஏட்டையா தாளை விரலால் வரிவரியாகத் தடவி வாசித்தார். வாசித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. டீக்கடையில் இரண்டு டீ சொல்லி ஒன்றை அவள் மேஜையில் வைக்கச் சொன்னார். மன்னிப்பு என்று எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவளும் எதிர்பார்த்து நிற்கவில்லை, அவள் வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

கம்பெனியில் புகார் பதிவு செய்து எண் வாங்கினாள். தெலுங்கு பேக்கை உடனே எடுத்துவிட்டார்கள். வாடகையை எடுக்கவில்லை, போன பணத்தையும் தரவில்லை. மேல்முறையீட்டுக்கு என்று இருக்கிற நோடல் அதிகாரிக்கு மெயில் அனுப்பினாள். சீட்டின் படத்தையும் சேர்த்திருந்தாள். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வாடிக்கையாளர் ஓடிபி மூலம் சம்மதித்த பிறகே சேவை சேர்க்கப்பட்டது, எனவே புகார் முடித்துவைக்கப்படுகிறது. இரண்டே வரி. அதே நாளில் ஏஜென்சி அவள் கடைக்குப் பணம் ஏற்றுவதை நிறுத்தியது.

அதன்பிறகு ஒரு மாதம் அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிட்டுத் தெருத்தெருவாகப் போனாள். அவளிடம் இந்தக் கம்பெனிக்கு ரீசார்ஜ் போட்டு வந்த வீடுகள் அறுபத்தொன்று. கதவைத் திறக்காத வீடுகளும் இருந்தன. வெயிலில் நடந்தால் நெஞ்சு இறுக்கும், எங்காவது நிழலில் உட்கார்ந்து மூச்சு சரியானதும் எழுந்து போவாள். முப்பத்து நான்கு வீட்டில் 417 பதிவாகியிருந்தது. பெரும்பாலான வீட்டில் யாரும் கேட்காத ஏதோ ஒரு பேக் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் குஜராத்தி சேனல். அந்தந்த வீட்டு ஆளை வைத்துக்கொண்டே நம்பரை மாற்ற விண்ணப்பித்தாள். ஆனால் இதைக் கொண்டுபோய் வழக்காகப் போடலாம் என்று சொன்னபோது ஒருவரும் வரவில்லை. மாதம் நூறு ரூபாய் சமாசாரத்துக்குக் கோர்ட்டு ஏறுவதா என்றார்கள்.

ஏட்டையாவும் தயங்கினார். கோர்ட்டில் முப்பது வருஷம் சாட்சியோடும் கைதியோடும் போய் நின்றவர், வாதியாகப் போய் நிற்கக் கூச்சப்பட்டார். பேக்கைத்தான் எடுத்துவிட்டார்களே, மீதியை விடு என்றார்.

மாரிச்செல்வி கடையில் இருந்தபடியே சொன்னாள். “ஏட்டையா, நீங்க பஸ் ஸ்டாப்புல ஊரறியச் சொன்னிய. நான் எடுக்கலைன்னு நான் ஊரறிய எங்க போய்ச் சொல்லட்டும்? இதைத் தீர்ப்பாச் சொல்ற எடம் ஒண்ணு இருக்கு. நீங்க வந்தாத்தான் நான் அங்க போக முடியும். பாக்ஸ் ஒங்க பேர்ல இருக்கு.”

என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார் ஏட்டையா.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் இல்லை என்பதை மாரிச்செல்வி விசாரித்து வைத்திருந்தாள். மனுவை இருவருமாக நான்கு மாலை உட்கார்ந்து எழுதினார்கள். ஏட்டையாவுக்கு எதையும் தேதி, நேரம், இடம் என்று எழுதத் தெரியும். ஆனால் ‘மேற்படி நபர்’ இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதத் தெரியாது. அவள் அதையெல்லாம் வெட்டினாள். கம்பெனியை முதல் எதிர்த்தரப்பாகவும் ஏஜென்சியை இரண்டாவதாகவும் போட்டார்கள். கடை ஸ்கேனரிலேயே ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டு, தாள் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையம், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்.

மனு ஏற்கப்பட்டது. நோட்டீஸ் போயிற்று. அதன்பிறகு வாய்தா வாய்தாவாக ஓடியது. கம்பெனி வக்கீல் மதுரையிலிருந்து வருகிறவர். முதல் தடவை வக்காலத்து போட்டார். அடுத்த தடவை பதிலுரைக்கு அவகாசம் கேட்டார். அதற்கடுத்த தடவை வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாரிச்செல்வி கடையைச் சாத்த வேண்டியிருந்தது. சிவபாண்டி ஏட்டையாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான், போன பணத்தை இரட்டிப்பாகத் தந்துவிடுகிறேன், அந்தப் பொம்பளை பேச்சைக் கேட்டு ஏன் அலைகிறீர்கள் என்று. ஏட்டையா அதை அப்படியே வந்து மாரிச்செல்வியிடம் சொன்னார்.

“நீங்க என்ன சொன்னிய?” என்று கேட்டாள்.

“சாட்சியைக் கலைக்கிறதுன்னு ஒரு குத்தம் உண்டுலே, தெரியுமான்னு கேட்டேன்.”

பதிலுரை வந்த அன்று அதை அவள் ஆணையத்து வராண்டாவிலேயே நின்று வாசித்தாள். கம்பெனி மூன்று காரணம் சொல்லியிருந்தது. ஓடிபி தந்தால் அது சம்மதம். ராஜபாளையம் வட்டாரத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால் அந்த பேக்கை மக்களே விரும்பிக் கேட்கிறார்கள். மூன்றாவது, அப்படி ஏதாவது தவறு நடந்திருந்தால் அது ரீசார்ஜ் செய்துவந்த மாரிச்செல்வி என்பவரால் நடந்திருக்கலாம், அவர்மீது ஏற்கெனவே உள்ளூரில் இப்படிப் புகார் உண்டு.

அந்த உள்ளூர்ப் புகார் யாருடையது என்பது இருவருக்கும் தெரியும்.

நான்கு நாள் கழித்து ஏட்டையா தன் பிரமாண வாக்குமூலத்தை எழுதி, பிரதி எடுக்கக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை அவளைக் கேட்காமல் தானே எழுதியிருந்தார். மிஷினில் தாளை வைக்கும்போது ஏழாவது பத்தி அவள் கண்ணில் பட்டது. ஆடி மாதம் இந்தத் தேதி காலை, பஸ் நிறுத்தத்தில் பலர் முன்னிலையில், மாரிச்செல்வி என்னிடம் பணம் எடுத்ததாக நான் சொன்னேன். விசாரிக்காமல் சொன்னேன். அது தவறு. அவர் என்னிடம் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்பதை இப்போது ஆவணங்கள் மூலம் அறிந்திருக்கிறேன். அவருக்கு நான் செய்தது அநியாயம்.

அவள் மூன்று பிரதி எடுத்து, ஓரம் சரிபார்த்து, பின் அடித்துக் கொடுத்தாள். அவர் காசை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடியைத் துடைப்பதுபோல அவள் உள்ளே திரும்பி நின்றாள்.

அவளும் தன் தரப்பில் வாக்குமூலம் தந்தாள். ஏஜென்சியின் பழைய பில்கள் ஒன்பதை அதோடு சேர்த்தாள். மனுதாரரின் இணைப்பில் அன்று பதிவாகியிருந்த எண்ணையும், ஓடிபி போன எண்ணையும் தாக்கல் செய்யக் கம்பெனிக்கு உத்தரவிட வேண்டும் என்று ஒரு மனுவும் போட்டார்கள். ஆணையம் உத்தரவிட்டது. கம்பெனி இரண்டு வாய்தா இழுத்துவிட்டு, ஒரு தாளைத் தாக்கல் செய்தது.

அன்று ஆணையத்தின் தலைவர் அந்தத் தாளையும் மாரிச்செல்வியின் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வக்கீலிடம், ஓடிபி போனதாகச் சொல்கிற இந்த எண் யாருடையது என்று கேட்டார். பதிவேட்டில் மனுதாரருடையது என்று இருக்கிறது என்றார் வக்கீல். இரண்டாம் எதிர்த்தரப்பின் பில்லில் இதே எண் எப்படி அச்சாகியிருக்கிறது என்று தலைவர் கேட்டார். வக்கீல் பின்னால் உட்கார்ந்திருந்த சிவபாண்டியைத் திரும்பிப் பார்த்தார். சிவபாண்டி தன் வக்கீலைப் பார்த்தான். பதில் சொல்ல இன்னொரு வாய்தா வேண்டும் என்றார்கள். தலைவர் தரவில்லை. எழுத்துபூர்வ வாதத்தைப் பத்து நாளுக்குள் தரச் சொன்னார். ஆணையத்தின் பெண் உறுப்பினர் ஒருவர் மாரிச்செல்வியைப் பார்த்துக் கேட்டார், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று.

எழுந்தாள். தறிக்கூடத்திலும் வாய் திறக்காதவள்.

“ஆமாம்மா. எங்க ஊர்ல மட்டும் முப்பத்துநாலு வீட்டுல இந்த நம்பர்தான் இருந்துச்சு. அவிய யாரும் தெலுங்கு கேக்கல, குஜராத்தியும் கேக்கல. சம்மதம்னு கம்பெனி சொல்றது அந்த மாடியில ஒரு தட்டுல இருந்த போனுக. நான் கண்ணால பார்த்தேன்.”

உட்கார்ந்தபிறகுதான் மூச்சு வாங்கியது.

மனு போட்டுப் பதினான்காவது மாதம் உத்தரவு வந்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் சேர்த்த பேக்கின் கட்டணமும், சொந்த பாக்ஸுக்கு வாங்கிய வாடகையும் வட்டியோடு திருப்பித் தரப்பட வேண்டும். வாடகையை அந்த நாளோடு நிறுத்த வேண்டும். சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் பத்தாயிரம், வழக்குச் செலவுக்கு மூவாயிரம், கம்பெனியும் ஏஜென்சியும் சேர்ந்து ஆறு வாரத்துக்குள். சாட்சி மாரிச்செல்விமீது எதிர்த்தரப்பு சுமத்திய குற்றச்சாட்டுக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று ஒன்பதாம் பக்கத்தில் தனியாக ஒரு வரி. கம்பெனி மேல்முறையீடு போகவில்லை. ஐந்தாவது வாரம் பணம் ஏட்டையாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. செலவுக்கான மூவாயிரத்தை அவர் கடையில் கொண்டுவந்து வைத்தார். அவள் பஸ் சார்ஜையும் ஜெராக்ஸ் காசையும் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தாள். அவர் வாங்க மறுத்தார். அய்யம்மாள் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

எல்லாம் நேராகிவிடவில்லை. ஏஜென்சி அவளுக்கு மறுபடி பணம் ஏற்றவே இல்லை. வேறொரு பொதுச் செயலி வழியாக ரீசார்ஜ் போடுகிறாள், அதில் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட நிற்பதில்லை. சிவபாண்டியின் ஆபீஸ் அதே மாடியில்தான் இருக்கிறது. மற்ற வீடுகளுக்கு ஆணையத்தின் உத்தரவு நேரடியாகச் செல்லாது. ஆனால் அந்த உத்தரவின் பிரதியைச் சேர்த்து அவள் ஒவ்வொரு வீட்டுக்காகவும் கம்பெனிக்குப் புகார் அனுப்பியபோது, நோடல் அதிகாரியிடமிருந்து வந்த பதில்கள் இரண்டு வரியில் முடியவில்லை. இருபத்தெட்டு வீட்டுக்குப் பணம் இணைப்பிலேயே வரவு வைக்கப்பட்டது. ஆறு வீடு இன்னும் பாக்கி. அந்த ஆறுக்கும் மாதம் ஒரு மெயில் போய்க்கொண்டே இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மொக்கைச்சாமியின் வேன் ஓய்வாக இருக்கும். கணவனும் மனைவியும் அதில் கிளம்பி, டிவி சீட்டுகளைச் சரிபார்க்கப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறார்கள். சென்ற மாதம் மகாராஜபுரத்தில் வெள்ளைத்தாய் என்பவர் வீட்டில் தெருவே கூடியிருந்தது. அவர் தகரப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு மஞ்சளேறிய சீட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு எழுத்துத் தெரியாது, டிவி வந்த நாளிலிருந்து இதை எதற்கு வைத்திருக்கிறோம் என்றே தெரியாமல் வைத்திருக்கிறேன் என்றார்.

மாரிச்செல்வி சீட்டைப் பிரித்து, நம்பர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

“இந்த நம்பரு ஒங்க வீட்ல யாருடையதும் இல்லையேம்மா?” என்று கேட்டாள்.

இல்லை என்றார் வெள்ளைத்தாய்.

“அப்ப ஒங்க போனையும் ஆதாரையும் எடுத்துட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு, மாரிச்செல்வி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.